சின்ன வெங்காயச் சாகுபடிக்கு மூன்று நிலைகளில் வரவு செலவுக் கணக்கு



சின்ன வெங்காயம் நடுவதற்கு முன் வரவு செலவுக் கணக்குப் போடாத விவசாயி இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு மூட்டை, கிலோ இன்ன விலை, செலவு போக மீதம் இவ்வளவு என்று வரப்பில் உட்கார்ந்தே கூறிவிடுவார்கள். அந்தக் கணக்கில் தவறு ஏதும் இருப்பதில்லை. ஆனால் அது ஒரே ஒரு விலைக்கும் ஒரே ஒரு மகசூலுக்கும் போட்ட கணக்கு. நடவு செய்து அறுபத்தைந்து, எழுபது நாட்களில் அறுவடைக்கு வரும் இந்தப் பயிரில், அதற்குள் மண்டி விலை பாதியாகவும் இறங்கலாம், இரட்டிப்பாகவும் ஏறலாம். ஆகவே நல்ல நிலை, எதிர்பார்க்கும் நிலை, மோசமான நிலை ஆகிய மூன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே எத்தனை ஏக்கரில் நடலாம் என்று முடிவு செய்தல் வேண்டும்.

மூன்று நிலைக்கும் மூன்று தனித்தனித் தாள்களில் கணக்குப் போடுவோர் உண்டு. நானும் முதலில் அவ்வாறே செய்து வந்தேன். அதில் ஒரு தொல்லை. விதை வெங்காயத்தின் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மூன்று தாள்களிலும் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்த மறந்துவிட்டால் மூன்று விடைகளையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. கணினியில் ஒரே கணக்குத்தாளை வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் நிலையின் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் கணக்கு முழுவதும் அந்த நிலைக்கு மாறும்படி செய்துவிடலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றிலும் இது இயலும். தாளைக் கணினியில் தயாரித்துக் கொள்வது எளிது. தயாரித்த பின் கைப்பேசியிலும் திறந்து நிலையை மாற்றிப் பார்க்கலாம். பெருக்கல், கூட்டலுக்குச் சூத்திரம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டே சூத்திரங்கள்.

எவற்றுக்கு மூன்று நிலை வேண்டும்?

எங்கள் பயிற்சிக்கு வந்த பெரம்பலூர்ப் பகுதி விவசாயி ஒருவரின் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலம். ஐப்பசியில் இரண்டு ஏக்கரிலும் சின்ன வெங்காயம் நட எண்ணி, நகைக்கடன் வாங்கத் தயாராக இருந்தார். முந்திய பருவத்தில் நல்ல விலை பார்த்தவர்.

அவர் எழுதி வந்த பட்டியலில் பதினான்கு இனங்கள் இருந்தன. பதினான்குக்கும் மூன்று நிலை எழுத முற்பட்டால் தாளைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே ஒவ்வோர் இனத்தையும் எடுத்து, "இதன் தொகை இன்றைக்கே தெரியுமா, அறுவடையின்போதுதான் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டோம். ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம், கிலோ 50 ரூபாய் வீதம் 30,000 ரூபாய். இது நடவுக்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம். இதில் ஐயம் ஏதுமில்லை. உழவுக்கும் பாத்தி கட்டவும் 8,000, எருவுக்கும் உரத்துக்கும் 14,000, நடவு மற்றும் களையெடுப்புக் கூலி 16,000, கடன் வட்டி ஏறத்தாழ 2,000. இவை அனைத்தும் சேர்ந்து ஏக்கருக்கு 70,000 ரூபாய். இந்தத் தொகை மூன்று நிலைகளுக்கும் ஒன்றே.

இன்றைக்குத் தெரியாதவை என்று கடைசியில் நின்றவை மூன்றுதான்: மகசூல், விலை, பயிர் பாதுகாப்புச் செலவு. இவற்றில் விலை என்பது மண்டியில் கமிஷன் பிடித்தம் போகக் கைக்கு வரும் விலை. அறுவடை செய்து, தாள் அறுத்து, சுத்தம் செய்து, சாக்கில் பிடித்து மண்டி சேர்க்கும் செலவு கிலோவுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். இது மகசூலோடு தானாகக் கூடிக் குறையும் என்பதால் இதற்குத் தனியே மூன்று நிலை தேவையில்லை. இந்தத் தொகைகள் யாவும் அவருடைய நிலத்துக்கு உரியவை. தங்கள் கணக்கில் தங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் இட்டுக்கொள்ளவும்.

தாளை அமைக்கும் முறை

கணக்குத்தாளில் நெடுவரிசைகளுக்கு A, B, C என்ற எழுத்தும், வரிசைகளுக்கு 1, 2, 3 என்ற எண்ணும் உண்டு. B நெடுவரிசையும் 5ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டம் B5. அவர் முதலில் நிரப்பியபடியே தாளைக் கீழே தருகிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

| | A | B | C | D | E |
|---|---|---|---|---|---|
| 1 | நிலை | | | | |
| 2 | நிலை எண் | | | | |
| 3 | ஏக்கர் | 2 | | | |
| 4 | விவரம் | நடப்பு | நல்லது | எதிர்பார்ப்பு | மோசம் |
| 5 | மகசூல், கிலோ | | 5000 | 4500 | 2500 |
| 6 | விலை, ரூபாய் | | 35 | 26 | 14 |
| 7 | பயிர் பாதுகாப்பு | | 5000 | 8000 | 14000 |
| 9 | அறுவடைக்கு முன் செலவு | 70000 | | | |
| 10 | கிலோவுக்கு அறுவடைச் செலவு | 5 | | | |
| 12 | வரவு | | | | |
| 13 | செலவு | | | | |
| 14 | நிகரம் | | | | |

C, D, E நெடுவரிசைகளில் மூன்று நிலைகளின் எண்கள் இருக்கின்றன. B நெடுவரிசைதான் கணக்கில் சேரும் நெடுவரிசை. B5, B6, B7 ஆகிய மூன்று கட்டங்களிலும் கையால் எண் எழுதலாகாது. தேர்ந்தெடுத்த நிலையின் எண்ணைச் சூத்திரமே அங்குக் கொண்டுவந்து வைக்கும்.

முதலில் B1 கட்டத்தில் விரிபட்டியல் அமைத்தல் வேண்டும். எக்செலில் B1-ஐத் தேர்ந்தெடுத்து, மேலே Data என்பதில் Data Validation என்பதைத் திறக்கவும். Allow என்ற இடத்தில் List என்பதைத் தேர்ந்தெடுத்து, Source என்ற இடத்தில் கீழ்க்கண்டவாறு எழுதவும்.

```
=$C$4:$E$4
```

இப்போது B1 கட்டத்தின் ஓரத்தில் சிறு முக்கோணக் குறி தோன்றும். அதைத் தட்டினால் நல்லது, எதிர்பார்ப்பு, மோசம் என்ற மூன்று பெயர்களும் விரியும். கூகுள் ஷீட்ஸில் இதே வேலைக்கு Data என்பதில் Data validation என்றும், லிப்ரே ஆபீஸில் Data என்பதில் Validity என்றும் இருக்கும்.

Source என்ற இடத்தில் பெயர்களை நேரடியாகத் தட்டச்சு செய்யவும் வழியுண்டு. ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தலைப்பில் "எதிர்பார்ப்பு" என்ற சொல்லுக்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தால், நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தலைப்பிலிருந்தே பட்டியலை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எழாது.

அடுத்து, பெயரை எண்ணாக மாற்ற வேண்டும். B2 கட்டத்தில் எழுத வேண்டியது இது.

```
=MATCH(B1,C4:E4,0)
```

B1-இல் உள்ள பெயர் C4 முதல் E4 வரையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை இது கூறும். நல்லது என்றால் 1, எதிர்பார்ப்பு என்றால் 2, மோசம் என்றால் 3. கடைசியில் உள்ள 0 என்பது, சொல் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்கு. அதை விட்டுவிட்டால், சொற்கள் அகர வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு கணினி தவறான இடத்தைக் காட்டக்கூடும்.

இனி B5 கட்டத்தில் இவ்வாறு எழுதவும்.

```
=CHOOSE($B$2,C5,D5,E5)
```

இதன் பொருள் எளிது. B2-இல் 1 இருந்தால் C5-ஐயும், 2 இருந்தால் D5-ஐயும், 3 இருந்தால் E5-ஐயும் எடுத்துவா என்பதே. இந்தக் கட்டத்தை நகலெடுத்து B6, B7 கட்டங்களில் ஒட்டினால் போதும். மூன்று கட்டங்களையும் கமாவிட்டுத் தனித்தனியே எழுத வேண்டும். C5:E5 என்று சேர்த்து எழுதினால் CHOOSE அதை ஒரே ஒரு பொருளாகத்தான் எண்ணும். இரண்டாவதைக் கேட்டால் #VALUE! என்று பிழை காட்டும்.

$B$2 என்பதில் உள்ள டாலர் குறிகளைப் பலர் தேவையற்றவை என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் நேர்வது என்ன என்று பாருங்கள். டாலர் இல்லாமல் B2 என்று எழுதி, B5-ஐ B6-க்கு நகலெடுத்தால் சூத்திரம் ஒரு வரிசை கீழிறங்கி B3-ஐப் பார்க்கும். நம் தாளில் B3 என்பது ஏக்கர். அதில் இருப்பது 2. ஆகவே எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் விலை மட்டும் இரண்டாவதான 26 ரூபாயிலேயே நிற்கும். பிழைக் குறி ஏதும் தோன்றாது. B7 கட்டமோ B4-இல் உள்ள "நடப்பு" என்ற சொல்லைப் பார்த்து #VALUE! என்று காட்டும். பிழை காட்டிய கட்டத்தை மட்டும் திருத்திவிட்டு, காட்டாத கட்டத்தை அப்படியே விட்டுவிட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

மீதமுள்ள மூன்று கட்டங்களும் சாதாரணக் கணக்குகளே. B12, B13, B14 ஆகியவற்றில் முறையே கீழ்க்கண்டவற்றை எழுதவும்.

```
=B5*B6*B3
=(B9+B7+B5*B10)*B3
=B12-B13
```

B1-இல் நல்லது என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு ஏக்கருக்கு நிகரம் 1,50,000 ரூபாய். எதிர்பார்ப்பு என்றால் 33,000 ரூபாய். மோசம் என்றால் 1,23,000 ரூபாய் நட்டம்.

மோசம் என்பது எது?

கடைசித் தொகையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "சார், இப்படிப் பார்த்தால் வெங்காயமே வைக்கக்கூடாது போலிருக்கிறதே!" என்றார்.

அவர் செய்திருந்தது பெரும்பாலோர் செய்வதுதான். மோசம் என்ற நெடுவரிசையில் தெரிந்தவற்றுள் மிகக் குறைந்த மகசூல், மிகக் குறைந்த விலை, மிகக் கூடுதலான மருந்துச் செலவு ஆகிய மூன்றையும் ஒன்றாக எழுதிவிட்டார். ஆனால் வெங்காயத்தில் இவை மூன்றும் ஒன்றாக வருவது அரிது. அடைமழையில் திருகல் நோயும் அழுகலும் வந்து மகசூல் 2500 கிலோவாகக் குறைகிறது என்றால், அந்த மழை அவருடைய வயலில் மட்டும் பெய்வதில்லை. சுற்று வட்டாரம் முழுவதும் வெங்காயம் அடிபடும், மண்டிக்கு வரத்துக் குறையும், விலை ஏறும். விலை 14 ரூபாய்க்கு விழுவது எப்போது? எல்லோருக்கும் நன்றாக விளைந்து, எல்லோரும் ஒரே வாரத்தில் மண்டிக்குக் கொண்டுபோகும்போது. அந்தப் பருவத்தில் அவருக்கும் நன்றாகவே விளைந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையும் நடக்கக்கூடிய ஒரு பருவத்தின் கதையாக இருத்தல் வேண்டும். எண்களை அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, இனவாரியாக மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பொறுக்கி எழுதலாகாது. அவரை இரண்டு கதைகளைத் தனித்தனியே சொல்லச் சொன்னேன். மழைப் பருவத்தில் மகசூல் 2500, விலை 30, மருந்துச் செலவு 14,000. வரத்து மிகுந்த பருவத்தில் மகசூல் 5000, விலை 14, மருந்துச் செலவு 5,000.

ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பார்த்தோம். மழைப் பருவத்தில் வரவு 75,000; செலவு 70,000-உடன் மருந்து 14,000, அறுவடை 12,500 சேர்ந்து 96,500; நட்டம் 21,500. வரத்து மிகுந்த பருவத்தில் வரவு 70,000, செலவு 70,000-உடன் மருந்து 5,000, அறுவடை 25,000 சேர்ந்து 1,00,000, நட்டம் 30,000. வயல் நிறைய வெங்காயம் கிடந்த பருவத்தில்தான் நட்டம் கூடுதல்! மகசூல் மிகுந்ததால் அறுவடைச் செலவும் மிகுந்து, விலையோ அதைத் தாங்கவில்லை. இதைக் கண்டபின், நோயைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் வரத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். சுற்று வட்டாரத்தில் விதை வெங்காயம் எவ்வளவு விற்கிறது என்று வியாபாரிகளிடம் கேட்டு வந்தார்.

E நெடுவரிசையில் வரத்து மிகுந்த பருவத்தின் எண்களை எழுதினோம். மழைப் பருவத்தையும் தாளில் வைத்துக்கொள்ள விரும்பினால், F4-இல் "நோய்" என்று தலைப்பிட்டு அதன் கீழ் 2500, 30, 14000 என்று எழுதலாம். அப்போது மூன்று இடங்களில் மாற்றம் வேண்டும். B1-இன் Source என்ற இடத்திலும் B2-இன் சூத்திரத்திலும் E4 என்பதை F4 வரை நீட்ட வேண்டும். B5, B6, B7 சூத்திரங்களில் E-க்குப் பின் F கட்டத்தையும் சேர்க்க வேண்டும். மூன்றாவதை மறந்தால், "நோய்" என்று தேர்ந்தெடுத்தவுடன் #VALUE! தோன்றும், நான்காவதைக் கேட்கிறீர்கள், மூன்றுதான் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

எதிர்பார்க்கும் விலையை எடுப்பது எவ்வாறு?

இதற்குப் பழைய மண்டிச் சீட்டுகளே போதும். அவரிடம் ஐந்து பருவங்களின் சீட்டுகள் இருந்தன. கைக்கு வந்த விலையை ஏறுவரிசையில் எழுதினோம்: 14, 22, 26, 35, 68. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 33 ரூபாய். அதையே எதிர்பார்க்கும் விலையாக வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஆசை. ஆனால் அந்தச் சராசரியைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பருவத்தின் 68 ரூபாய். மற்ற நான்கில் மூன்று பருவங்கள் 33-க்குக் கீழேயே இருக்கின்றன. வரிசையில் நடுவில் நிற்கும் 26 ரூபாயை எடுப்பதே சரி. இந்த ஏழு ரூபாய் வேற்றுமை சிறிதல்ல: 4500 கிலோவுக்கு 31,500 ரூபாய். 26 ரூபாய்க்கு ஏக்கருக்கு நிகரம் 16,500. 33 ரூபாய்க்கு 48,000.

நல்ல நிலைக்கும் 68 ரூபாயை எழுதவில்லை. அடுத்ததான 35-ஐ எழுதினோம். அத்தகைய விலை வந்தால் வரட்டும், அதை நம்பிக் கடன் வாங்கலாகாது. மூன்று நிலைகளின் நிகரத்தையும் கூட்டி மூன்றால் வகுத்து, அதை வருமானம் என்று கொள்வதும் தவறு. மூன்று நிலைகளும் சம அளவில் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தாள் பொய் சொல்வதைக் கண்டுபிடித்தல்

பிழைக் குறி தோன்றினால் திருத்திவிடலாம். B1 கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, பெயர் தலைப்போடு பொருந்தாவிட்டாலோ B2-இல் #N/A என்று தோன்றும். பட்டியலிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வேறிடத்திலிருந்து எதையாவது நகலெடுத்து B1-இல் ஒட்டினால் விரிபட்டியலே மறைந்துவிடும். அதை மீண்டும் அமைக்க வேண்டும்.

பிழைக் குறி தோன்றாத தவறே ஆபத்தானது. இரண்டு வாரம் கழித்து அவர் தாளை மீண்டும் கொண்டுவந்தார். மண்டியில் விலை நாற்பதைத் தொடும் என்று யாரோ கூறியிருக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று B6 கட்டத்திலேயே 40 என்று எழுதிவிட்டார். எழுதியவுடன் அங்கிருந்த CHOOSE சூத்திரம் அழிந்து, வெறும் எண் மட்டும் நின்றுவிட்டது. அதன்பின் நல்லது என்று தேர்ந்தெடுத்தாலும் நிகரம் 2,00,000. மோசம் என்று தேர்ந்தெடுத்தாலும் அதே 2,00,000. எதிர்பார்ப்பு மட்டும் 1,59,000. எதிர்பார்க்கும் நிலையைவிட மோசமான நிலையில் இலாபம் கூடுதலாக வருகிறது என்றால் தாளில் எங்கோ சூத்திரம் அறுந்திருக்கிறது என்று பொருள். அவரோ மோசமான நிலையிலும் இரண்டு இலட்சம் என்று மகிழ்ந்து, மூன்றாவதாகக் குத்தகைக்கு ஓர் ஏக்கர் பேசிக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வேலைதான். தாளைத் திறந்ததும் B1-இல் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றி, B5, B6, B7 ஆகிய மூன்று கட்டங்களையும் உற்றுப் பாருங்கள். நிலையை மாற்றும்போது மூன்றும் அந்தந்த நெடுவரிசையின் எண்களாக மாற வேண்டும். ஏதேனும் ஒன்று அசையாமல் நின்றால் அங்குச் சூத்திரம் இல்லை, அல்லது தவறான கட்டத்தைப் பார்க்கிறது. எக்செலில் Ctrl விசையுடன் எண் 1-க்கு இடப்புறமுள்ள ` விசையை அழுத்தினால் எண்களுக்குப் பதில் சூத்திரங்களே தெரியும். மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். 40 ரூபாய்க்குப் பார்க்க விரும்பினால் C6-இல் மாற்றிப் பார்க்கவும், அல்லது புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்கவும். B நெடுவரிசையில் கை வைக்கலாகாது.

கடன் விண்ணப்பத்துக்காகத் தாளை அச்சிட்டுத் தருவோர், B1-இல் எந்த நிலை நிற்கிறது என்று பார்த்துவிட்டு அச்சிடவும். எதிர்பார்ப்பு என்று நினைத்து நல்லதின் தொகையைக் காட்டிவிட்டுப் பின்னர் விளக்கம் சொல்வது சங்கடமானது.

இந்தத் தாள் அறுவடை செய்தவுடனே விற்பதாகக் கொண்டு போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். விலை விழுந்தபோது பட்டறையில் வைத்துப் பொறுத்து விற்பவர்களுக்கு எடைக் குறைவும் பட்டறைச் செலவும் கூடுதலான வட்டியும் உண்டு. அவற்றுக்கு இங்கே இடமில்லை. அதைத் தனி நெடுவரிசையாக, தனிக் கதையாக எழுத வேண்டும்.

ஏக்கரை முடிவு செய்தது

எண்களைத் திருத்தியபின் மோசம் என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு ஏக்கருக்கு நட்டம் 60,000 ரூபாய். "இந்தத் தொகையை எதிலிருந்து கட்டுவீர்கள்?" என்று கேட்டேன். இரண்டு மாடுகளின் பால் பணத்தில் ஓர் ஆண்டுக்கு முப்பது, முப்பத்தைந்தாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்றார். அறுபதாயிரத்துக்கு வழியில்லை, நகைதான் மூழ்கும். B3-இல் 2 என்பதை 1 என்று மாற்றினோம். மோசம் 30,000 நட்டம், எதிர்பார்ப்பு 16,500 இலாபம், நல்லது 75,000 இலாபம். "ஓர் ஏக்கர் போதும் சார், நகை வீட்டிலே இருக்கட்டும் என்று அம்மாவும் சொல்கிறார்கள்" என்று அவரே முடிவு செய்தார். குத்தகைப் பேச்சைக் கைவிட்டார். மற்றோர் ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தார்.

தை மாதம் அறுவடையில் அவருக்கு 4700 கிலோ விளைந்தது. கைக்கு வந்த விலை கிலோவுக்கு 19 ரூபாய். வரவு 89,300. மருந்துக்கு 8,500 ஆகியிருந்தது. அறுவடைச் செலவு 23,500. மொத்தச் செலவு 1,02,000. நட்டம் 12,700 ரூபாய். பால் பணத்தில் அது அடங்கிவிட்டது.

அந்தச் சீட்டையும் பட்டியலில் சேர்த்தோம். இப்போது விலைகள் ஆறு: 14, 19, 22, 26, 35, 68. நடுவில் இரண்டு எண்கள் நிற்பதால் 22-ஐயும் 26-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 24 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, D6 கட்டத்தில் அதை எழுதியிருக்கிறார். எதிர்பார்க்கும் நிலையில் ஏக்கருக்கு நிகரம் 7,500 ரூபாய் என்று தாள் காட்டுகிறது. அடுத்த நடவுக்கு விதை வெங்காயம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது தெரிந்ததும் B9 கட்டத்தை மாற்ற வேண்டும்.